குழந்தைகள், பதின்வயதினர், குடும்ப வருகை: மலையூர் சலூனுக்கு விலைப்பட்டியல் போடும் முறை

குன்னூரில் மூன்று நாற்காலி வைத்து, ஆண், பெண், குழந்தை என்று குடும்பமே வந்துபோகும் சலூன் நடத்துகிறேன். கோத்தகிரி, அருவங்காடு பக்கம் புதிதாகக் கடை திறந்த சிலருக்கு விலைப்பலகை எழுதக் கூடவே உட்கார்ந்திருக்கிறேன். பெரியவர்களின் விலையில் யாரும் அதிகம் தடுமாறுவதில்லை. பக்கத்துக் கடையைப் பார்த்துப் பத்து ரூபாய் கூட்டியோ குறைத்தோ எழுதிவிடுகிறார்கள். தடுமாற்றம் எல்லாம் குழந்தைகள் வரியிலும் குடும்பப் பேக்கேஜ் வரியிலும்தான். அந்த இரண்டுக்கும் வழி சொல்வதே இந்தக் குறிப்பு.

படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். பேக்கேஜ் விலை தனி விலையிலிருந்து வருகிறது, தனி விலை நாற்காலி நிமிடத்திலிருந்து, அதாவது ஒரு வேலைக்காக நாற்காலி பிடிபட்டிருக்கும் நிமிடங்களிலிருந்து வருகிறது. நோட்டீஸ் அடித்துவிட்டுக் கணக்குப் பார்ப்பவர்கள் பல மாதம் கழித்துத்தான் கையைச் சுட்டுக்கொண்டதை உணர்கிறார்கள்.

முன்கூட்டித் தேவைப்படுபவை: இரண்டு வார நேரக் குறிப்பு, கடந்த மூன்று மாதச் செலவுக் கணக்கு, உங்கள் ஊரின் எந்த நாளில் எந்த நேரம் கடை வெறிச்சோடுகிறது என்ற விவரம். இந்த மூன்றும் கையில் இல்லாமல் பலகை எழுதுபவரைக் கூப்பிடாதீர்கள்.

1. முதலில் நேரத்தை அளந்து எழுதுங்கள்

கல்லாப்பெட்டி அருகே ஒரு நோட்டு வையுங்கள். ஒவ்வொருவருக்கும் நான்கு விவரம் போதும்: யார், என்ன வேலை, எப்போது அழைத்தீர்கள், அடுத்தவர் உட்காரும்படி நாற்காலி எப்போது தயாரானது. கத்தரி எடுத்த நேரத்திலிருந்து கணக்கிடாதீர்கள். அழைத்ததிலிருந்து தரையைக் கூட்டி முடித்தது வரைக்கும் அந்த நாற்காலி வேறு யாருக்கும் பயன்படவில்லை. அவ்வளவும் அந்த வேலையின் நேரம்தான்.

குழந்தைகள் விஷயத்தில் இந்த வேறுபாடு மிகப் பெரியது. என் நோட்டிலிருந்து ஒரு பதிவைச் சொல்கிறேன். ஜூலை மாதம், வெளியே சாரல். மூன்று வயதுப் பையன் அம்மாவின் இடுப்பில் வருகிறான். காதை மூடிய கம்பளிக் குல்லா, கழுத்து வரை ஸ்வெட்டர், அதற்குள் இன்னொன்று. குல்லாவைக் கழற்றவே விடவில்லை. ஸ்வெட்டரோடு உட்கார வைத்தால் வெட்டிய முடி கம்பளியில் குத்திக்கொண்டு, வீடு போய்ச் சேரும்வரை கழுத்து அரிக்கும். அதனால் ஹீட்டரைப் பக்கத்தில் இழுத்துவைத்து, ஸ்வெட்டரைக் கழற்றி, போர்த்தும் துணியை ஹீட்டர் முன் காட்டிச் சூடாக்கிப் போர்த்தினோம். சில்லென்ற துணி கழுத்தில் பட்டாலே குழந்தை அழுதுவிடும். அந்த அழுகைக்கும் கத்தரிக்கும் சம்பந்தமே இல்லை. இவ்வளவும் முடிய ஒன்பது நிமிடம். வெட்டியது பதினான்கு நிமிடம். நடுவில் அழுகை, ஓய்வு, மறுபடி ஸ்வெட்டர், குல்லா, காதோரத்து முடியைத் தட்டிவிடுவது, தரை கூட்டுவது எல்லாம் சேர்த்து முப்பத்தைந்து நிமிடம். அடுத்த நாற்காலியில் பெரியவருக்கு வெட்டி முடித்துத் தரை கூட்ட இருபத்தைந்து நிமிடம்தான் ஆனது.

இந்தப் பத்து நிமிடம் உங்கள் குறிப்பில் தெரியாவிட்டால் அளவு தவறு. மறுபடி ஒரு வாரம் எழுதுங்கள்.

2. ஒரு நாற்காலி நிமிடத்தின் அடக்கவிலையைக் கண்டுபிடியுங்கள்

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. கடை வாடகை 20,000 ரூபாய். இரண்டு பணியாளர்களுக்குச் சம்பளம் 36,000. உரிமையாளரும் வெட்டுகிறார், அவருக்குச் சம்பளம் 25,000. மின்சாரம், கேஸ் 7,000. ஷாம்பு, பிளேடு, க்ரீம் போன்றவை 10,000. துணி துவைப்பது, தொலைபேசி, டீ 5,000. கருவி பழுதுக்கு ஒதுக்குவது 5,000. மொத்தம் மாதம் 1,08,000 ரூபாய்.

உரிமையாளரின் சம்பளத்தைச் செலவில் சேர்க்காமல் விடுவதே புதியவர்கள் செய்யும் முதல் தவறு. "மிஞ்சுவது எனக்குத்தானே" என்பார்கள். அப்படி விட்டால் எல்லா விலையும் லாபமாகத்தான் தெரியும், எங்கே நட்டம் என்பது கடைசிவரை கண்ணில் படாது.

மூன்று நாற்காலி, மாதம் 26 நாள், நாளுக்குப் பத்து மணி நேரம். மொத்தம் 46,800 நிமிடம். இதை முழுவதும் விற்றுவிட முடியாது. எங்கள் ஊரில் தென்மேற்கு மழை பிடித்தால் பிற்பகலில் ஆள் நடமாட்டம் குறையும். மறுபடி வடகிழக்கு மழை. சமவெளிக் கடைக்காரர்கள் முக்கால் பங்கு நிரம்பும் என்று போடுகிற கணக்கு இங்கே பொருந்தாது. பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்: 23,400 நிமிடம். 1,08,000 ரூபாயை இதனால் வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 4 ரூபாய் 60 காசு. அதுதான் அடக்கம். விற்பனை விலையை நிமிடத்துக்கு 5 ரூபாய்க்குக் கீழே போகவிடாதீர்கள்.

வரி பற்றி ஒரு வரி. நிமிடம் 5 ரூபாயில் இந்தக் கடையின் ஆண்டு வரவு சுமார் 14 லட்சம். சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவுக்கான வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் என்பதால் இந்தக் கடைக்குப் பதிவு தேவைப்படாது. இரண்டாவது கடை திறந்து வரம்பைத் தாண்டினால், 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கு 5 சதவீதம். அப்போது வரியையும் உள்ளடக்கிய விலையையே பலகையில் எழுதுங்கள்.

3. "குழந்தைகளுக்குப் பாதி விலை" என்ற வரியை அழியுங்கள்

என் முதல் பலகையிலும் அந்த வரி இருந்தது. பெரியவருக்கு 150, குழந்தைக்கு 75. தலை சின்னது, முடி குறைவு, அதனால் விலையும் பாதி என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் நாம் விற்பது முடியை அல்ல, நாற்காலி நேரத்தை. மேலே சொன்ன முப்பத்தைந்து நிமிடத்தின் அடக்கம் 161 ரூபாய். 75 வாங்கினால் ஒவ்வொரு குழந்தைக்கும் 86 ரூபாய் கையைவிட்டுப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை பத்துக் குழந்தை வந்தால் கடை களைகட்டியிருக்கும், மாலை கல்லாவில் ஒன்றும் இருக்காது. அந்த ஞாயிறுகளில் காத்திருக்கப் பொறுமையில்லாமல் எழுந்துபோன பெரியவர்களையும் நான் கணக்கில் எடுக்கவில்லை.

அதற்காகக் குழந்தைக்குப் பெரியவரைவிட அதிகம் கேட்டால் எந்தப் பெற்றோரும் ஏற்க மாட்டார்கள். அவர்கள் கோபப்படுவதும் நியாயம்தான். எனவே வழி இரண்டு. வேலையின் எல்லையைக் குறைத்து நேரத்தைச் சுருக்குங்கள். மீதி நேரத்தை, எப்படியும் காலியாக இருக்கும் வேளைக்குத் தள்ளுங்கள்.

பள்ளிக்குப் போகாத குழந்தைக்கு நான் வைத்திருக்கும் எல்லை இது: உலர்ந்த முடியில் வெட்டு மட்டும், தலை அலசல் இல்லை, பெற்றோரில் ஒருவர் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், மடியில் வைத்திருப்பவருக்கும் துணி போர்த்துவோம். மடியில் உட்கார்ந்தால் பிடித்துக்கொள்ள இரண்டாவது பணியாளர் தேவையில்லை. அதுவே பெரிய மிச்சம். குல்லா, ஸ்வெட்டரைக் காத்திருக்கும் பெஞ்சிலேயே கழற்றிவிடச் சொல்கிறோம். ஹீட்டர் இப்போது அங்கேதான் இருக்கிறது. இந்த இரண்டு மாற்றத்தால் முப்பத்தைந்து நிமிடம் முப்பதாகக் குறைந்தது. விலை 150.

குழந்தை அடங்கவில்லை என்றால் வலுக்கட்டாயமாக முடிக்காதீர்கள். ஒரு பக்கம் சீராக வெட்டி நிறுத்திவிட்டு, ஒரு வாரத்துக்குள் வந்தால் மீதியைக் காசில்லாமல் முடித்துத் தருவதாகப் பலகையிலேயே எழுதுங்கள். அழுத்திப் பிடித்து வெட்டிய குழந்தை அடுத்த முறை வாசலிலேயே அழும், அந்த நேரத்தையும் நீங்கள்தான் சுமக்க வேண்டும். இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். பழனியிலோ குலதெய்வக் கோயிலிலோ மொட்டை போட்டு, முடி வளர்ந்து, முதன்முதலாகச் சலூனுக்கு வரும் குழந்தைக்குக் கத்தி, தலை என்றாலே அந்தக் கூட்டமும் அழுகையும் நினைவுக்கு வரும்போலிருக்கிறது. அந்த முதல் வருகைக்குக் கிளிப்பரை எடுப்பதே இல்லை, கத்தரி மட்டும்தான்.

4. வயதைக் கேட்காமல் வகுப்பைக் கேளுங்கள்

"ஐந்து வயது வரை" என்று எழுதினால், ஆறு வயதுக் குழந்தை கல்லாவில் ஐந்தாகிவிடும். வாக்குவாதம் ஐந்து ரூபாய்க்காக இருக்கலாம், ஆனால் வாசலில் நிற்கும் மூன்று பேர் அதைக் கேட்கிறார்கள். எத்தனையாவது படிக்கிறான் என்று கேட்டால் குழந்தையே பெருமையாகச் சொல்லிவிடும்.

நான் பயன்படுத்தும் பிரிவுகள் மூன்று. பள்ளி செல்லாதவர்கள்: 30 நிமிடம், 150 ரூபாய். எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்பு வரை: 25 நிமிடம், 130 ரூபாய். ஆறாம் வகுப்புக்கு மேல் பெரியவர்களின் விலையேதான், 150.

முதல் பிரிவு இரண்டாவதைவிடக் கூடுதலாக இருப்பதைப் பெற்றோர் கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள்: "சின்னக் குழந்தைக்கு நேரம் கூடுதலாக ஒதுக்குகிறோம், அவசரப்படுத்த மாட்டோம்." இதற்கு மறுத்துப் பேசிய தாயை நான் இன்னும் பார்க்கவில்லை.

5. பதின்வயதினருக்குத் தனிப் பட்டியல் எழுதுங்கள். சிலவற்றை எழுதாமலே விடுங்கள்

எட்டாம் வகுப்புப் பையன் கேட்பது பெரும்பாலும் ஃபேட். இரண்டு பக்கமும் அடுக்கடுக்காக இறக்க நாற்பது நிமிடம் ஆகிறது. அதைச் சாதாரண வெட்டின் விலையில் செய்யாதீர்கள், 200 என்று தனி வரி எழுதுங்கள். கூடவே இன்னொரு கேள்வியும் வேண்டும்: "பள்ளியில் ஒத்துக்கொள்வார்களா?" விடுமுறையில் வெட்டிக்கொண்டு, ஜூனில் பள்ளி திறந்ததும் திருப்பி அனுப்பப்பட்டு, அழுதுகொண்டே வந்து நிற்பார்கள். எங்கள் மலையில் விடுதிப் பள்ளிகள் நிறைய. அவற்றின் விதி இன்னும் கடுமை. "பள்ளி வெட்டு" என்று 150-க்கு ஒரு வரி இருந்தால் பெற்றோரும் பிள்ளையும் பலகையைப் பார்த்தே முடிவு செய்துகொள்வார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு நுனி வெட்டு 30 நிமிடம், 150. தலை அலசலும் சேர்ந்தால் ஒரு மணி நேரம், 350. மலையூரில் அலசலைத் தனியாக விற்காதீர்கள். ஈரத்தலையோடு பிள்ளையைக் குளிரில் வெளியே அனுப்ப முடியாது. உலர்த்துவது கட்டாயம், நீண்ட முடியை உலர்த்துவதுதான் அதிக நேரம் பிடிக்கும். அந்த விலையில் 300 நேரத்துக்கு. மீதி 50, கீசர் கேஸுக்கும் ஷாம்புவுக்கும் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் போவதற்கு. "அலசல் 100" என்று தனியே எழுதிவிட்டு உலர்த்துவதை இலவசமாகச் செய்யும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். மாத இறுதியில் சிலிண்டர் ஏன் சீக்கிரம் தீர்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

இனி, பட்டியலில் இருக்கக் கூடாதவை. பதினாறு வயதுக்குக் கீழே முடிச்சாயம் இல்லை. ஐரோப்பாவில் விற்கும் சாயப் பெட்டிகளிலேயே பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கு உரியதல்ல என்ற எச்சரிக்கை உண்டு. சாயத்தில் உள்ள பி.பி.டி. என்ற பொருளுக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் தொடரலாம். பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் 48 மணி நேரம் முன்னதாக முழங்கையின் உள்பக்கத்திலோ காதின் பின்னாலோ தடவிப் பார்த்த பிறகுதான். முடி நேராக்கும் ரசாயனச் சிகிச்சையும் பதினெட்டுக்குக் கீழே கிடையாது. சில மருந்துகளைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு ஆவி வருகிறது. மூடிய கதவும் ஜன்னலுமாக இருக்கும் மலைக்கடையில் அது எல்லோர் மூச்சிலும் போகும். கிளையாக்ஸிலிக் அமிலம் கலந்தவற்றால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதும் மருத்துவ இதழில் வெளியாகியிருக்கிறது. முகத்துக்கு வெளுப்பு தரும் பிளீச்சை நான் எந்தப் பதின்வயதினருக்கும் செய்வதில்லை. தோட்டத்து வெயிலில் கறுத்த முகத்தோடு வரும் பிள்ளைக்கு அது குறை என்று நம் கடை சொல்லக் கூடாது.

மேலுதடு, முகத்தில் வாக்ஸ் கேட்டால் முகப்பரு மருந்து எடுக்கிறாளா என்று அம்மாவிடம் அல்ல, பிள்ளையிடமே தனியாகக் கேளுங்கள். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்களின் தோல் வாக்ஸோடு உரிந்துவிடலாம். நிறுத்தி ஆறு மாதம் ஆகும்வரை வாக்ஸ் வேண்டாம். முகத்தில் தடவும் அடாபலீன், ட்ரெட்டினாயின் பூசுபவர்களுக்கும் பூசும் இடத்தில் செய்யாதீர்கள்.

அம்மா தோள் வரை வெட்டச் சொல்ல, மகள் ஓர் அங்குலத்துக்கு மேல் கூடாது என்று கண்ணாலேயே சொல்வாள். துணி போர்த்துவதற்கு முன்பே இருவரையும் பக்கத்தில் நிற்க வைத்து, சீப்பை முடியில் வைத்து, "இங்கேயா, இங்கேயா?" என்று காட்டிக் கேளுங்கள். இருவரும் தலையசைத்த பிறகே கத்தரி. கண்ணாடி முன் நாற்காலியில் வைத்துக்கொண்டு நடக்கும் சமரசம் பதினைந்து நிமிடம் சாப்பிடும். அந்தப் பெண்ணும் மறுபடி வர விரும்ப மாட்டாள்.

6. பேன் விதியையும் விலையையும் முன்பே தீர்மானியுங்கள்

பிள்ளைகள் வரும் கடையில் இது வரும். பாதி வெட்டியபின் கண்டுபிடித்துத் திகைப்பதுதான் தவறு. துணி போர்த்தும்போதே காதின் பின்புறமும் பிடரியும் விலக்கிப் பாருங்கள். ஈர் முடியோடு ஒட்டியிருக்கும், பொடுகுபோல ஊதினால் பறக்காது.

உயிருள்ள பேன் இருந்தால் அன்று வெட்டுவதில்லை. பெற்றோரைத் தனியே அழைத்து, குரல் தாழ்த்தி, மருந்துக்கடையில் கிடைக்கும் பெர்மெத்ரின் ஒரு சதவீத லோஷனை மருந்தாளரிடம் கேட்டு வாங்கிப் பூசி, ஏழு முதல் பத்து நாள் கழித்து இரண்டாம் முறையும் பூசச் சொல்கிறோம். முதல் முறை தப்பிய ஈர்கள் அதற்குள் பொரிந்திருக்கும். அன்றைக்குக் கட்டணம் இல்லை, அடுத்த வருகைக்கு நேரம் எழுதிக் கொடுக்கிறோம். அந்தப் பிள்ளையின் தலையில் பட்ட சீப்பைக் கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் குறைந்த சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைக்கிறோம். அன்றைய இருபது நிமிடம் நட்டம்தான். ஆனால் அந்தக் குடும்பம் வேறு கடைக்குப் போனதில்லை.

7. குடும்பப் பேக்கேஜை ஒரு குடும்பத்தை வைத்துக் கணக்கிடுங்கள்

தள்ளுபடி சதவீதத்தில் தொடங்காதீர்கள். ஓர் உண்மையான குடும்பத்தை எடுத்துக்கொண்டு தாளில் போடுங்கள்.

அப்பாவுக்கு வெட்டு 25 நிமிடம், 150. தாடி ஒதுக்குவது 15 நிமிடம், 80. அம்மாவுக்கு நுனி வெட்டு 30 நிமிடம், 150. புருவம் 10 நிமிடம், 60. எட்டாம் வகுப்பு மகளுக்கு நுனி வெட்டு 30 நிமிடம், 150. ஒன்றாம் வகுப்பு மகனுக்கு 25 நிமிடம், 130. மொத்தம் 135 நிமிடம், 720 ரூபாய். அடக்கம் 621. இடைவெளி 99 ரூபாய்.

இப்போது "குடும்பத்துக்கு 20 சதவீதம் தள்ளுபடி" என்று எழுதிப் பாருங்கள். 576 ரூபாய். அடக்கத்தைவிட 45 குறைவு. எல்லாக் கடையிலும் இருபது போடுகிறார்களே என்று புதியவர் கேட்பார். அவர்களின் நிமிடக் கணக்கு நமக்குத் தெரியாது. நம்முடையது தெரியும்.

அப்படியானால் குடும்பமாக வருவதால் உண்மையில் மிச்சமாவது என்ன? நான்கு தனி வருகையில் நான்கு முறை வரவேற்பு, நான்கு பில், நான்கு சில்லறை. சேர்ந்து வந்தால் ஒன்று. என் குறிப்பில் கூடுதல் நபர் ஒருவருக்கு மூன்று நிமிடம் மிச்சமாகிறது. மூன்று பேருக்கு ஒன்பது நிமிடம், சுமார் 40 ரூபாய். இதுதான் தயங்காமல் திருப்பிக் கொடுக்கக்கூடிய தொகை. அதற்கு மேல் கொடுப்பது, காலியாகக் கிடக்கும் நாற்காலியை நிரப்புவதற்காக மட்டுமே இருக்க வேண்டும். நான் வாரநாளில் 70 ரூபாய் குறைத்து 650 வாங்குகிறேன். 40 மிச்சமான நேரம், 30 என் லாபத்திலிருந்து. ஞாயிற்றுக்கிழமை தள்ளுபடி இல்லை. அன்று நாற்காலி எப்படியும் நிரம்பும்.

ஆனால் ஒரு விதிவிலக்கை வலியுறுத்திச் சொல்வேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்கு ஞாயிறு ஒன்றே விடுமுறை. புதன்கிழமைச் சலுகை அவர்களுக்குக் கண்ணில் காட்டிய பண்டம். அதனால் ஞாயிறு காலை ஏழு முதல் ஒன்பது வரை வாரநாள் விலையே. அந்த இரண்டு மணி நேரம் முன்பு கடை பூட்டியே கிடந்தது. இப்போது நிரம்புகிறது, பத்து மணிக் கூட்டமும் குறைந்திருக்கிறது.

8. பேக்கேஜின் நேரத்தை வாக்களிக்குமுன் நாற்காலி வரிசையைப் போடுங்கள்

135 நிமிடம், மூன்று நாற்காலி, ஆக 45 நிமிடத்தில் முடிந்துவிடும் என்று தோன்றும். முடியாது. அம்மாவும் மகளும் பெண் பணியாளரிடமே உட்காருவார்கள். அந்த ஒரு நாற்காலியில் மட்டும் 30-உம் 40-உம் சேர்ந்து 70 நிமிடம். "ஒரு மணி நேரத்தில் குடும்பமே தயார்" என்று நோட்டீஸ் அடித்த ஒரு புதியவர், ஊட்டிக்குப் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட குடும்பத்திடம் திட்டு வாங்கியது இதனால்தான். ஒன்றேகால் மணி நேரம் என்று எழுதுங்கள்.

வரிசை இப்படி. முதலில் மகள் பெண் பணியாளரிடம், மகன் உரிமையாளரிடம், அப்பா மூன்றாவது நாற்காலியில், மூவரும் ஒரே நேரத்தில். அம்மா மகன் பக்கத்தில் நிற்கிறார். சிறியவன் கண்ணாடியில் அக்காவும் அப்பாவும் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறான், அது எந்தப் பொம்மையைவிடவும் நன்றாக வேலை செய்கிறது. 25-ஆவது நிமிடத்தில் மகன் இறங்குகிறான். 30-இல் மகள் எழ, அம்மா உட்காருகிறார். அப்பா எழ இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. அதுவரை தம்பியை அக்கா பார்த்துக்கொள்கிறாள். 40-க்குப் பிறகு அப்பா. எந்த நொடியிலும் சிறியவன் தனியாக இல்லை. பணியாளர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நேர்ந்தால் ஒரு நாற்காலி நின்றுவிடும், பேக்கேஜின் லாபமும் அதோடு போகும்.

அம்மாவை முதலில் உட்கார வைப்பது வழக்கமான தவறு. மரியாதைக்காகச் செய்கிறார்கள். பாதி வெட்டில் மகன் அழ, அம்மா துணியோடு எழுந்து ஓடுவார்.

9. பருவத்துக்குப் பருவம் மாற்ற வேண்டியவை

ஏப்ரல், மே மாதங்களில் வெளியூர் வண்டிகளால் வார இறுதியில் நகருக்குள் நுழையவே உள்ளூர்க் குடும்பங்கள் தயங்குகின்றன. அவர்கள் செவ்வாய், புதனுக்கு நகர்கிறார்கள். அந்த நாட்களில் சலுகை தேவையே இல்லை. பள்ளி திறப்பதற்கு முந்தைய பத்து நாளும் அப்படித்தான், அப்போது பேக்கேஜை நிறுத்திவைக்கிறோம் என்று ஒரு வாரம் முன்பே எழுதி ஒட்டுங்கள். சுற்றுலாக் குடும்பங்களுக்குப் பேக்கேஜ் வேண்டாம். மறுபடி வராதவருக்குக் கொடுக்கும் தள்ளுபடி எதையும் நிரப்புவதில்லை. சலுகையை நீட்ட வேண்டியது ஜூலையிலும் நவம்பரிலும், மழைப் பிற்பகல்களில்.

முன்பணம் வாங்கும் அட்டையைப் பற்றிக் கேட்கிறார்கள். முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது, பள்ளிப் பையனுக்கு நான்கைந்து வாரத்துக்கு ஒரு வெட்டு தேவை. அதனால் ஐந்து வெட்டு அட்டை அரையாண்டில் தீர்ந்துவிடும், கல்வியாண்டு முடியும்வரை செல்லும் என்று போடலாம். ஆனால் அந்தப் பணம் வருமானம் அல்ல, கடன். தனி உறையில் வைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் அதிலிருந்து எடுத்துக் கல்லாவில் போடுங்கள்.

10. பலகை எழுதி, நான்கு வாரம் கழித்துத் திருத்துங்கள்

"100 முதல்" என்ற எழுத்து வேண்டாம். அந்த 100-ஐ நம்பி வந்தவருக்கு 180 பில் வந்தால், நடுவில் இருக்கும் 80 ஏமாற்றமாகத்தான் தெரியும். ஒவ்வொரு வரிக்கும் வேலை, வகுப்பு, நேரம், விலை. நேரத்தையும் எழுதுவது அவசியம். பெற்றோர் அதைப் பார்த்துத்தான் சந்தைக்குப் போய் வரலாமா என்று முடிவெடுக்கிறார்கள். முதல் மாதம் பெயின்டில் எழுதாமல் தாளில் அச்சிட்டு ஒட்டுங்கள்.

நான்கு வாரம் நேரக் குறிப்பைத் தொடருங்கள். மூன்றை மட்டும் பாருங்கள். எழுதிய நேரத்தைவிட ஐந்து நிமிடத்துக்கு மேல் அடிக்கடி நீளும் வேலை எது? அதன் விலையையோ எல்லையையோ மாற்ற வேண்டும். பேக்கேஜ் எடுத்தவர்கள் எந்த நேரத்தில் வந்தார்கள்? நிரம்பிய நேரத்திலேயே வந்திருந்தால் சலுகை வீண், வேளையைச் சுருக்குங்கள். காத்திருந்துவிட்டு எழுந்துபோன பெரியவர்கள் எத்தனை பேர்? வாரத்துக்கு ஐந்துக்கு மேல் என்றால், பள்ளி செல்லாத குழந்தைகளை வாரநாள் காலைக்கு மட்டும் ஒதுக்கிப் பாருங்கள்.

விலை உயர்த்துவதானால் ஜூனில் செய்யாதீர்கள். சீருடை, புத்தகம், கட்டணம் என்று பெற்றோர் கை வற்றியிருக்கும் மாதம் அது. நான் பிப்ரவரியில், ஒரு மாத அறிவிப்போடு மாற்றுகிறேன். அட்டை வாங்கியவர்களுக்கு அது தீரும்வரை பழைய விலைதான்.